காருக்குள் இருப்பவரை மின்னல் ஏன் தாக்குவதில்லை? கடத்திகள் பற்றிய சில தவறான புரிதல்கள்

இடி மின்னலின்போது காருக்குள் இருப்பது ஏன் பாதுகாப்பு என்று கேட்டால், பலரும் டயரைத்தான் காட்டுவார்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் மின்னல் தரைக்குப் போக வழியில்லை என்பது அவர்கள் கணக்கு. முடிவு சரி, காரணம் தவறு. இந்தத் தவறான காரணத்தை நம்பினால் மோட்டார் சைக்கிளும் பாதுகாப்பானது என்று ஆகிவிடும், அதற்கும் ரப்பர் டயர்தானே.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியைத் தீப்பொறி தாண்ட ஏறத்தாழ 30,000 வோல்ட் தேவை. சக்கரத்தின் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே 15 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதிகபட்சம் நாலரை லட்சம் வோல்ட் போதும். மேகத்துக்கும் தரைக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடோ கோடிக்கணக்கான வோல்ட். சில கிலோமீட்டர் காற்றைப் பிளந்து வந்த மின்னலுக்கு இந்தக் கடைசி 15 செ.மீ. ஒரு தடையே இல்லை. மின்னல் விழுந்த காரில் சில சமயம் டயர் வெடித்துக் கிடப்பதும் இதனால்தான்.

சரி, காப்பாற்றுவது எது? சுற்றியிருக்கும் உலோகக் கூடு. "கடத்திக்குள் மின்புலம் பூஜ்ஜியம்" என்ற ஒற்றை வரிதான் இதற்குப் பதில் என்று பாடத்தில் படித்திருப்போம். அந்த வரியைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு, உலோகம் வெளி மின்புலத்தை உள்ளே விடாமல் வாசலிலேயே தடுத்து நிறுத்துகிறது என்று நினைப்பது. எந்தப் பொருளும் மின்புலத்தை அப்படித் தடுப்பதில்லை. மேகத்தின் மின்னூட்டம் உருவாக்கும் மின்புலம் உலோகத்துக்குள்ளும் இருக்கத்தான் செய்கிறது. அந்த மின்புலம் கட்டுறா எலக்ட்ரான்களைத் தள்ளுகிறது, அவை நகர்ந்து ஒரு பக்கப் பரப்பில் சேர்கின்றன, எதிர்ப் பக்கத்தில் எலக்ட்ரான் குறைந்து நேர்மின்னூட்டம் தெரிகிறது. இப்படித் தூண்டப்பட்ட மின்னூட்டங்கள் தாமும் ஒரு மின்புலத்தை எதிர்த்திசையில் உருவாக்குகின்றன. உள்ளே எந்தப் புள்ளியிலும் இரண்டும் சேர்ந்து பூஜ்ஜியம் ஆகும்வரை எலக்ட்ரான்கள் நகரும். அதற்குப் பிறகு தள்ளுவதற்கு விசை இல்லை, நகர்வு நின்றுவிடுகிறது. இதுதான் நிலைமின் சமநிலை. பூஜ்ஜியமாவது மொத்த மின்புலம்தான், தனித்தனியாக எதுவும் காணாமல் போகவில்லை.

இதற்கு எவ்வளவு எலக்ட்ரான் நகர வேண்டும் தெரியுமா? படங்களில் கோளத்தின் ஒரு பாதி முழுக்கக் கழித்தல் குறியும் மறு பாதி முழுக்கக் கூட்டல் குறியும் போட்டிருப்பதால், பாதி எலக்ட்ரான்களாவது இடம் மாறுகின்றன என்று தோன்றும். புயல் மேகத்துக்குக் கீழே தரையருகில் மின்புலம் மீட்டருக்கு 10,000 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு செப்புக் கோளத்தை வைத்தால், அதன் உச்சியில் மின்புலம் மூன்று மடங்காகி 30,000 ஆகும். அங்கே பரப்பு மின்னூட்ட அடர்த்தி சதுர மீட்டருக்கு சுமார் 2.7 × 10⁻⁷ கூலும். எலக்ட்ரான் கணக்கில் சொன்னால், பரப்பில் உள்ள ஏறத்தாழ ஒரு கோடி அணுக்களுக்கு ஒரே ஒரு எலக்ட்ரான் கூடுகிறது அல்லது குறைகிறது. அவ்வளவுதான். வெளி மின்புலம் எவ்வளவு வலுத்தாலும் கடத்தியில் எலக்ட்ரான் தீர்ந்துபோகுமோ என்ற கவலை அதனால் தேவையில்லை. உலோகத்தில் எலக்ட்ரான் தீர்வதற்கு வெகு முன்பே காற்று உடைந்து தீப்பொறி பறந்துவிடும்.

அடுத்த தவறு இன்னும் பரவலானது. மின்புலம் பூஜ்ஜியம் என்றால் மின்னழுத்தமும் பூஜ்ஜியம் என்று எழுதிவிடுவது. இதையும், இதை ஒட்டி வரும் எர்த் குழப்பத்தையும் ஒரே உதாரணத்தில் பார்த்துவிடலாம்.

20 செ.மீ. ஆரமுள்ள மெல்லிய உலோகக் கோளக் கூடு ஒன்று. அதன்மேல் மொத்த மின்னூட்டம் எதுவும் இல்லை, எதையும் தொடாமல் மின்காப்பு நூலில் தொங்குகிறது. அதன் உட்குழிவுக்குள், நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக, +5 நானோகூலும் மின்னூட்டத்தை வைக்கிறோம். உலோகத்தின் தடிமனுக்குள்ளேயே ஓடும் ஒரு கற்பனைப் பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மின்புலம் பூஜ்ஜியம், ஆகவே காஸ் விதிப்படி அந்தப் பரப்பு அடைத்திருக்கும் மொத்த மின்னூட்டமும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். உள்ளே +5 இருப்பதால் கூட்டின் உட்பரப்பில் −5 நானோகூலும் சேர்ந்தாக வேண்டும். கூடு மொத்தத்தில் நடுநிலையானது என்பதால் வெளிப்பரப்பில் +5 மிஞ்சுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, உட்பரப்பில் −5 சமமாகப் பரவுவதில்லை. உள்ளிருக்கும் மின்னூட்டத்துக்கு அருகில் அடர்த்தி அதிகம், தள்ளியிருக்கும் பக்கம் குறைவு. வெளிப்பரப்பில் உள்ள +5 மட்டும் ஒரே சீராகப் பரவுகிறது. உள்ளே மின்னூட்டம் எந்த மூலையில் இருக்கிறது என்ற செய்தி உலோகத்தைத் தாண்டி வெளியே வருவதே இல்லை. ஆனால் உள்ளே மின்னூட்டம் இருக்கிறது என்ற செய்தி வருகிறது: மையத்திலிருந்து 30 செ.மீ. தூரத்தில் அளந்தால் மின்புலம் மீட்டருக்கு 500 வோல்ட். கூட்டின் மின்னழுத்தம் 225 வோல்ட். உலோகத்துக்குள் மின்புலம் துல்லியமாகப் பூஜ்ஜியம், மின்னழுத்தமோ 225. மின்புலம் பூஜ்ஜியம் என்றால் மின்னழுத்தம் இடத்துக்கு இடம் மாறவில்லை என்றுதான் பொருள். அது எந்த எண்ணில் நிற்கிறது என்பது வேறு கேள்வி.

இப்போது கூட்டை ஒரு கம்பியால் தரையோடு இணையுங்கள். வெளிப்பரப்பில் இருந்த +5 தரையிலிருந்து வரும் எலக்ட்ரான்களால் ஈடாகிவிடும். மின்னழுத்தம் பூஜ்ஜியம், வெளியே மின்புலமும் பூஜ்ஜியம். "எர்த் செய்தாயிற்று, இனி கூட்டில் மின்னூட்டமே இல்லை" என்று பலர் இந்த இடத்தில் எழுதுவார்கள். அது தவறு. உட்பரப்பின் −5 அப்படியே இருக்கிறது, உள்ளிருக்கும் +5 அதை விடாது. கூட்டின் மொத்த மின்னூட்டம் இப்போது −5 நானோகூலும்.

ஆக, எர்த் தேவைப்படுவது உள்ளே இருப்பது வெளியே தெரியாமல் இருக்கத்தான். வெளியே இருப்பதிலிருந்து உள்ளே இருப்பதைக் காக்க எர்த் வேண்டியதில்லை. ஃபாரடே 1836-இல் இதைத் தானே உள்ளே உட்கார்ந்து காட்டினார். 12 அடிக் கனசதுரமாகக் கடத்தியால் மூடிய ஒரு பெட்டியைத் தரையிலிருந்து மின்காப்புச் செய்து, வெளியே தீப்பொறி பறக்கும் அளவுக்கு மின்னூட்டம் ஏற்றினார். உள்ளே அவர் வைத்திருந்த கருவிகள் எதிலும் அசைவில்லை. டயர் கடத்துகிறதா இல்லையா என்ற விவாதமே காரின் விஷயத்தில் தேவையற்றது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

ஆனால் இந்த விளக்கத்தோடு நின்றுவிட்டால் இன்னொரு தவறு நடக்கும். மின்னல் நிலைமின்னியல் அல்ல. மேகம் தலைக்கு மேல் நிற்கும்வரை இதுவரை சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும். மின்னல் விழுந்த நொடியில், வழக்கமான ஒரு தாக்குதலில் 30,000 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் காரின் கூரை, தூண்கள், அடித்தட்டு வழியாகப் பாய்கிறது. மின்னோட்டம் ஓடும் கடத்தி சமநிலையில் இல்லை. அதற்குள் மின்புலம் பூஜ்ஜியமும் இல்லை.

அப்போதும் உள்ளே இருப்பவர் தப்புவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தாழ்ந்த தடையுள்ள உலோகப் பாதைகள் அவரைச் சுற்றிலும் பல இருக்கின்றன, உடல் வழியாகப் போக வேண்டிய அவசியம் மின்னோட்டத்துக்கு இல்லை. இரண்டாவது, மின்னலின் மின்னோட்டம் ஓரிரு மைக்ரோநொடியில் உச்சத்தைத் தொடுகிறது. இவ்வளவு வேகமாக மாறும் மின்னோட்டம் உலோகத்தின் தோலோடு மட்டும் ஓடும். ஒரு மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் எஃகுக்குள் அது இறங்கும் ஆழம், எஃகின் காந்தத் தன்மையை முழுக்க விட்டுவிட்டுக் கணக்கிட்டாலும், ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். காரின் தகடு அதைவிடச் சில மடங்கு தடிமன். மின்னூட்டம் வெளிப்பரப்பில் தங்குவதற்கும் மின்னோட்டம் வெளிப்பரப்பில் ஓடுவதற்கும் காரணம் ஒன்றே என்று எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். முன்னது மின்னூட்டங்களின் சமநிலை, பின்னது மாறும் காந்தப்புலத்தின் விளைவு.

இந்த வேறுபாடு வெறும் புத்தக விஷயமில்லை. ஒரு மீட்டர் நீளக் கம்பிக்குத் தன்தூண்டல் சுமார் ஒரு மைக்ரோஹென்றி. 30,000 ஆம்பியர் ஆறு தூண்களில் சமமாகப் பிரிந்து இரண்டு மைக்ரோநொடியில் ஏறுகிறது என்றால், ஒவ்வொரு தூணிலும் மைக்ரோநொடிக்கு 2,500 ஆம்பியர் கூடுகிறது. மீட்டருக்கு 2,500 வோல்ட் என்ற அளவில் மின்னழுத்த வேறுபாடு எழுகிறது. தூண்கள் சுற்றி வளைத்திருப்பதால் அறைக்குள் அவற்றின் காந்தப்புலங்கள் பெருமளவு ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன, உள்ளே உணரப்படுவது இதைவிடக் குறைவு. ஆனாலும் பூஜ்ஜியம் இல்லை. ஒரு கையைக் கதவுச் சட்டத்திலும் இன்னொரு கையை வேறொரு உலோகப் பாகத்திலும் வைக்கக் கூடாது என்பது இதனால்தான். வெளியே ஆண்டெனாவோடு இணைந்த ரேடியோவையும், சார்ஜரில் செருகிய போனையும் தொடாதீர்கள். கூட்டைத் துளைத்து உள்ளே வரும் ஒவ்வொரு கம்பியும் மின்னலுக்கு ஒரு வழி. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். துணிக்கூரை வண்டியும் ஃபைபர் உடல் கொண்ட வண்டியும் இந்தப் பாதுகாப்பைத் தராது, அவற்றுக்கு எத்தனை டயர் இருந்தாலும். உலோகக் கூடு முழுமையாக இருந்து ஆள் தப்பினாலும், வண்டியின் எலக்ட்ரானிக் பாகங்கள் பழுதாக வாய்ப்புண்டு.

கடைசியாக, மின்னல் விழுந்த காரையும் மின்கம்பி அறுந்து விழுந்த காரையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. மின்னல் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும், கார் மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து இறங்கலாம். அறுந்த கம்பி விஷயம் வேறு. அது தொட்டுக்கொண்டிருக்கும்வரை காரும் உள்ளிருப்பவரும் அதே உயர் மின்னழுத்தத்தில் இருப்பார்கள், தரை மட்டும் இருக்காது. உள்ளே இருக்கும்வரை எதுவும் தெரியாது. ஒரு காலை வண்டியில் வைத்துக்கொண்டு மறு காலைத் தரையில் ஊன்றினால் முழு வேறுபாடும் உடலில் விழும். மின்வாரியத்தார் வந்து இணைப்பைத் துண்டிக்கும்வரை உள்ளேயே இருங்கள். தீப்பிடித்து இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வண்டியின் எந்தப் பாகத்தையும் பிடிக்காமல் இரண்டு கால்களையும் சேர்த்துக் குதித்து, கால்களைச் சேர்த்தபடியே சிறு சிறு அடியாக விலகிப் போங்கள்.