வாடகை உயர்வுக் கடிதம்: நெடுநாள் குடியிருப்பவருக்கு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லடியில் ஒரு வீட்டில் ஒன்பது வருடமாக ஒரே குடும்பம் வாடகைக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குடும்பத் தலைவர் வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்கிறவர். வீட்டுக்கார அம்மா அவருக்கு எழுதுகிறார்: "சாமான் விலையெல்லாம் ஏறிவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து 5,000 கூட்டித் தர வேண்டும். முடியாவிட்டால் வீட்டை விட்டுத் தரவும்."

இதில் பெரிய பிழை கடைசி வரிதான். அவர் இன்னும் மறுக்கவே இல்லை, அதற்குள் எழும்பச் சொல்லியாயிற்று. ஒழுங்காக வாடகை தந்த குடும்பத்துக்கு அது எவ்வளவு நோகும்! பேச வரவேண்டியவர் வேறு வீடு தேடப் போய்விடுவார்.

அடுத்தது, "அடுத்த மாதம்". மார்கழி 30இல் எழுதிய கடிதம் தை 2இல் கைக்குக் கிடைத்தால் அடுத்த மாதம் எது? திகதியையே எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் வராது. "5,000 கூட்டி" என்று மட்டும் எழுதுவதும் போதாது. பழைய தொகை, புதிய தொகை இரண்டும் வேண்டும். கரண்ட், தண்ணீர் பில் யார் கட்டுவது, முற்பணம் மாறுமா என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

திகதியைக் குறிக்கும்போது மாரியை யோசியுங்கள். கார்த்திகை, மார்கழியில் மழையும் வெள்ளமும். வயலில் போட்ட காசு திரும்பியிராது. பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில்தான். மாதச் சம்பளக்காரருக்கு இது பொருட்டல்ல, வயல்காரருக்குப் பொருட்டு.

இப்படி எழுதலாம்:

"2025.12.20

அன்பின் தம்பிக்கும் குடும்பத்தாருக்கும்,

ஒன்பது வருடமாக வீட்டை உங்கள் சொந்த வீடு போலப் பார்த்துக்கொள்கிறீர்கள். அதற்கு நன்றி. கூரை வேலைக்கும் வரிக்கும் செலவு கூடியதால், இப்போது 22,000 ரூபாயாக உள்ள மாத வாடகையை 2026.03.01 முதல் 27,000 ரூபாயாக உயர்த்த வேண்டியுள்ளது. மார்ச் மாத வாடகையை வழமைபோல 5ஆம் திகதிக்குள் தந்தால் போதும். முற்பணத்தில் மாற்றமில்லை. கரண்ட், தண்ணீர் பில்களை முன்புபோல நீங்களே கட்டுங்கள். இந்தத் தொகை சிரமமென்றால் ஜனவரி 31க்கு முன் சொல்லுங்கள், இருந்து பேசுவோம்."

காரணம் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது, கவனித்தீர்களா? செலவுக் கணக்கை நீட்டினால் "அப்ப எங்கட வீட்டுச் செலவு?" என்ற கேள்விதான் வரும். கூரை வேலை உண்மையாக நடந்திருந்தால் மட்டும் எழுதுங்கள். ஒழுகும் கூரையின் கீழ் இருக்கிறவருக்கு அந்த வரி கோபத்தையே தரும்.

எழுத உட்காரும் முன் உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். தவணை முடியாமல் இருந்து, உயர்வு பற்றி அதில் ஒன்றும் இல்லையென்றால், நடுவில் தன்னிச்சையாகக் கூட்ட முடியாது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் பொருந்தக்கூடிய பழைய வீடென்றால் முதலில் சட்டத்தரணி ஒருவரைக் கேளுங்கள்.

இரண்டு பிரதி எடுத்து நேரில் கொடுங்கள். உங்கள் பிரதியில் கிடைத்த திகதியோடு அவருடைய கையொப்பம் இருக்கட்டும். மார்ச்சிலிருந்து வாடகைப் பற்றுச்சீட்டிலும் புதிய தொகையையே எழுதுங்கள்.