இரட்டிக்கும் அரேயின் அமார்டைஸ்டு அனாலிசிஸ்: தேர்வில் எப்படி எழுதுவது?

"அரே நிறைந்ததும் கொள்ளளவை இரட்டிப்பாக்கும் டைனமிக் அரேயில், n செருகல்களுக்கான அமார்டைஸ்டு செலவைக் காண்க." அல்காரிதம்ஸ் தாளில் அடிக்கடி வரும் கேள்வி இது. விடை O(1) என்பது பெரும்பாலோருக்குத் தெரியும். மதிப்பெண் போவது அதை நிறுவும் இடத்தில்தான். பிக்-ஓ, பெருக்குத்தொடர் இரண்டும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விடைத்தாளுக்குப் போகிறேன்.

படி 1: எதைச் செலவாக எண்ணுகிறோம் என்று எழுதுங்கள்

முதல் இரண்டு வரிகளில் இது வந்துவிட வேண்டும். ஒரு உறுப்பை எழுத 1 அலகு, பழைய அரேயிலிருந்து புதியதற்கு ஒரு உறுப்பை நகலெடுக்க 1 அலகு. புதிய இடம் ஒதுக்குவதற்குத் தனிச் செலவு இல்லை. தொடக்கக் கொள்ளளவு 1. இதைச் சொல்லாமல் கணக்கில் இறங்கினால், பின்னால் வரும் 3 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று திருத்துபவருக்குப் புரியாது.

படி 2: ஒன்பது செருகல்களுக்கு அட்டவணை

ஏன் ஒன்பது? எட்டோடு நிறுத்தினால் பெரிய நகலெடுப்பு அட்டவணைக்குள் வராது. ஒன்பதாவது செருகலில்தான் எட்டு உறுப்புகளும் இடம் மாறுகின்றன. தேர்வுக்கு முன் வீட்டில் இதை ஓட்டிப் பாருங்கள். இந்த மாதிரிச் சரிபார்ப்புக்கு எனக்குப் பைத்தான்தான் பிடிக்கும். சி++ வெக்டரை வைத்துப் பார்த்தால் அதன் உள்வேலை கண்ணுக்குத் தெரியாது.

```python
cap, num, total = 1, 0, 0
for i in range(1, 10):
    c = 1
    if num == cap:
        c += num
        cap *= 2
    num += 1
    total += c
    print(i, c, cap, total, 2*num - cap)
```

இரண்டாவது நெடுவரிசை ஒவ்வொரு செருகலின் செலவு: 1, 2, 3, 1, 5, 1, 1, 1, 9. கூட்டினால் 24. கடைசி நெடுவரிசையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், படி 4-இல் தேவைப்படும்.

படி 3: மொத்தக் கூட்டல். சறுக்கும் இடம் இதுதான்

பல விடைத்தாள்களில் இப்படி ஒரு வாதம் இருக்கும்: "விரிவாக்கம் log n தடவை நடக்கிறது, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் O(n) செலவு, ஆகவே மொத்தம் O(n log n), ஒரு செருகலுக்கு O(log n)." இதில் பொய்யான வரி எதுவும் இல்லை. மேல்வரம்பாக இது சரிதான், ஆனால் தேவைக்கு மேல் தளர்வானது. எல்லா விரிவாக்கத்துக்கும் கடைசி விரிவாக்கத்தின் விலையையே போட்டுப் பெருக்கிவிட்டோம். முதல் விரிவாக்கத்தில் நகலானது ஒரே ஒரு உறுப்பு, அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு.

ஆகவே பெருக்காமல் கூட்டுங்கள். i-ஆவது செருகலில் விரிவாக்கம் நடப்பது i − 1 என்பது 2-இன் அடுக்காக இருக்கும்போது மட்டும். அப்போது நகலாவது i − 1 உறுப்புகள். 2^m என்பது n − 1-ஐத் தாண்டாத மிகப் பெரிய அடுக்கு என்றால்:

```
நகல்கள் = 1 + 2 + 4 + ... + 2^m
        = 2^(m+1) − 1
        < 2n
மொத்தம் < n + 2n = 3n
```

2^m < n என்பதால்தான் 2^(m+1) < 2n வருகிறது. இந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள், நிறுவலின் கனம் முழுக்க அதில் இருக்கிறது. நம் அட்டவணையோடு ஒப்பிட்டால் நகல்கள் 1 + 2 + 4 + 8 = 15, எழுதியவை 9, மொத்தம் 24; 3n என்பது 27. மொத்தத்தை n ஆல் வகுத்தால் செருகலுக்கு 3-க்குக் கீழ், அதாவது O(1).

கூடவே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இங்கே நிகழ்தகவு எதுவும் இல்லை, எந்த n செருகல்களை எடுத்தாலும் மொத்தம் 3n-ஐத் தாண்டாது. "சராசரியாக O(1)" என்று மட்டும் எழுதினால் ஆவரேஜ் கேஸோடு குழப்பிக்கொண்டதாகவே படும். தனி ஒரு செருகலின் வொர்ஸ்ட் கேஸ் இன்னும் Θ(n) தான் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

படி 4: பொட்டென்ஷியல் முறை

சிறிய கேள்வி என்றால் படி 3 போதும். 13 மதிப்பெண் என்றால் இதையும் எழுதுங்கள். அக்கவுண்டிங் முறையைவிட எனக்கு இதுவே பிடிக்கும், ஏனென்றால் ஒவ்வொரு வரியையும் எண் போட்டுச் சரிபார்க்கலாம். ராபர்ட் டார்ஜன் 1985-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இவ்விரு பார்வைகளையும் விளக்குகிறது.

Φ = 2·num − cap என்பதை மனப்பாடம் செய்ய வேண்டாம், வருவித்துவிடலாம். Φ-ஐ ஓர் உண்டியல் என்று வையுங்கள். k இடமுள்ள அரே நிறைந்திருக்கும்போது, k உறுப்புகளை நகர்த்த அதில் k காசு இருக்க வேண்டும். சென்ற விரிவாக்கம் முடிந்தபோது அரேயில் பாதி ஏற்கெனவே நிறைந்திருந்தது. அதற்குப் பிறகு வந்தவை k/2 உறுப்புகள் மட்டுமே. ஆக அவை ஒவ்வொன்றும் 2 காசு போட்டாக வேண்டும். பாதிக்கு மேலுள்ள உறுப்புகளின் எண்ணிக்கை num − cap/2. அதை 2 ஆல் பெருக்கினால் 2·num − cap.

அமார்டைஸ்டு செலவு என்பது உண்மைச் செலவோடு Φ-இன் மாற்றத்தைக் கூட்டினால் வருவது. இனி இரண்டே நிலைகள். இடம் இருந்தால் செலவு 1, num ஒன்று கூடுவதால் Φ 2 கூடுகிறது, அமார்டைஸ்டு செலவு 3. அரே நிறைந்திருந்தால், num = cap = k என்று வைத்து எழுதுங்கள்:

```
முன்:  Φ = 2k − k = k
பின்:  Φ = 2(k+1) − 2k = 2
செலவு = k + 1
அமார்டைஸ்டு = (k+1) + 2 − k = 3
```

'பின்' வரியில் num, cap இரண்டுமே மாறுகின்றன. அங்கே cap-ஐ k என்றே விட்டுவிட்டால் விடை 3-க்குப் பதில் k + 3 என்று வரும். k விடையில் மிஞ்சினால் உடனே அந்த வரியைப் பாருங்கள்.

பின்சேர்க்கை: "தொடக்கத்தில் num = 0, cap = 1 என்றால் Φ = −1 ஆகிறதே, எதிர்மறையாக வரலாமா?" என்று பின்னூட்டத்தில் கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. தேவைப்படுவது இறுதி Φ தொடக்க Φ-ஐவிடக் குறையக்கூடாது என்பதுதான். ஒரு செருகல் முடிந்ததுமே Φ = 1, அதற்குப் பிறகு அது எப்போதும் நேர்மறை. எண்ணிலும் பார்க்கலாம்: அமார்டைஸ்டு மொத்தம் 9 × 3 = 27. உண்மைச் செலவு 24, Φ-இன் மாற்றம் 2 − (−1) = 3. இரண்டும் பொருந்துகின்றன.

இன்னொரு பின்சேர்க்கை: இரட்டிக்காமல் ஒவ்வொரு முறையும் 10 இடம் கூட்டினால் என்ன என்றும் கேட்டார்கள். அப்போது நகல்கள் 10 + 20 + 30 என்று கூட்டுத்தொடராகி ஏறக்குறைய n²/20 ஆகும், செருகலுக்கு Θ(n). 2-க்குப் பதில் 1.5 மடங்கு என்றால் பெருக்குத்தொடர்தான், O(1) அப்படியே நிற்கும், மாறிலி மட்டும் மாறும். ஜாவாவின் `ArrayList` அப்படித்தான் வளர்கிறது.

கேள்வியில் நீக்கலும் இருந்தால், பாதியாகக் குறைந்ததும் அரேயைச் சுருக்குவதாக எழுதாதீர்கள். நிறைந்த அரேயில் ஒன்றைச் செருகி, ஒன்றை நீக்கி, மறுபடி செருகினால் ஒவ்வொரு முறையும் முழு நகலெடுப்பு நடக்கும். கால்பங்குக்கு இறங்கும்போது கொள்ளளவைப் பாதியாக்குங்கள். அரே பாதிக்குக் கீழ் இருக்கும்போது Φ = cap/2 − num என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.