எபிசைக்ளிக் கியர் கணக்கில் குறி மாறும் இடம்

இயந்திரவியல் கோட்பாட்டுத் தாளில் எபிசைக்ளிக் கியர் தொடர் கேட்கப்படும்போது, பெரும்பாலும் விடை பிசகுவது பெருக்கலில் அல்ல, கூட்டல் கழித்தல் குறியில்தான். வெளிப்பற்கள் கொண்ட இரண்டு கியர்கள் எதிரெதிர்த் திசையில் சுழலும் என்பது எல்லோருக்கும் தெரியும்; ஆனால் ரிங் கியரின் பற்கள் உட்புறம் இருப்பதால், அதுவும் அதனுடன் பொருந்தும் பிளானட் கியரும் ஒரே திசையில் சுழல்கின்றன என்பதை, ஒவ்வொரு கியரின் சுற்றுகளையும் அட்டவணை போடும் அவசரத்தில் மறந்துவிடுகிறோம்.

நடுவிலுள்ள சன் கியருக்கு 30 பற்கள், அதற்கும் ரிங்குக்கும் இடையில் சுற்றிவரும் பிளானட் கியருக்கு 20 பற்கள் என்று கொள்வோம். அப்படியானால் ரிங் கியருக்கு 30 + 2 × 20 = 70 பற்கள். ரிங் அசையாமல் பிடிக்கப்பட்டு, சன் கியர் நிமிடத்துக்கு 100 சுற்று சுழலும்போது, பிளானட்டின் மையத்தைத் தாங்கிச் சுழலும் ஆர்மின் வேகம் என்ன? முதலில் ஆர்ம் நிற்பதாகக் கொண்டு சன் கியருக்கு +x சுற்று கொடுத்தால், பிளானட் −30x/20, ரிங் −30x/70 சுற்று சுழலும். பின்னர் ஒவ்வொன்றுடனும் ஆர்மின் வேகமான y-ஐக் கூட்ட வேண்டும்.

x + y = 100, y − 3x/7 = 0 என்ற இரண்டு சமன்பாடுகளிலிருந்து x = 70, y = 30 கிடைக்கின்றன; ஆகவே ஆர்ம், சன் கியரின் திசையிலேயே 30 சுற்று சுழலும். ரிங்கின் குறியை +3x/7 என்று எழுதியிருந்தால் y = −75 என வந்திருக்கும். அந்த எண்ணைப் பார்த்து மட்டும் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனெனில் பிளானட் கியரின் உண்மையான வேகமும் 30 − 105 = −75 தான்.

ஆகவே அட்டவணைக்குப் பக்கத்திலேயே ஒரு படம் வரைந்து பாருங்கள். மையத்திலிருந்து மேல்நோக்கி ஒரு கோடு இழுத்து, பற்களின் எண்ணிக்கையையே ஆரமாகக் கொண்டு, 30, 50, 70 ஆகிய தூரங்களில் புள்ளிகள் வையுங்கள்: சன்–பிளானட் தொடுபுள்ளி, பிளானட்டின் மையம், ரிங்கைத் தொடும் புள்ளி. முதல் புள்ளியில் 100 × 30 = 3000 அலகு நீளத்துக்குக் கிடைமட்ட அம்பு வரையுங்கள்; ரிங் அசையாததால் கடைசிப் புள்ளியில் வேகம் சுழியம். இரண்டையும் நேர்கோட்டால் இணைத்தால் நடுப்புள்ளியில் 1500 அலகு அம்பு அதே பக்கம் நோக்கி அமையும். 1500-ஐ 50-ஆல் வகுத்தால் 30 வருகிறது. அம்பின் திசையைக் கண்ணால் பார்க்கும்போது குறியில் குழப்பம் எழ இடமில்லை.

கேம் வரைபடத்திலும் தொடக்கத்திலேயே ஒரு பிழை நேர்வதுண்டு. கேம் தள்ளி நகர்த்தும் ஃபாலோயர் உருளை முனை கொண்டது என்றால், அதன் எழுச்சியை அடிவட்டத்திலிருந்து அளக்காமல், அடிவட்ட ஆரத்துடன் உருளையின் ஆரத்தைக் கூட்டி வரும் வட்டத்திலிருந்து அளக்க வேண்டும்; அடிவட்ட ஆரம் 25 மி.மீ., உருளையின் ஆரம் 10 மி.மீ. எனில் அந்த வட்டத்தின் ஆரம் 35 மி.மீ. கோணங்களைக் கேம் சுழலும் திசைக்கு எதிராகக் குறித்து, அந்தந்தப் புள்ளியில் உருளையை வரைந்த பின்னரே, எல்லா உருளைகளையும் உட்புறமாகத் தொட்டுச் செல்லும் வளைவைக் கேமின் வடிவமாக இழுக்க வேண்டும்.