கட்டண மாற்ற அறிவிப்பில் கோட்டை விடும் இடங்கள்

வங்கியின் கிரெடிட் கார்டு பிரிவில் இருந்தபோது, கட்டண மாற்ற அறிவிப்புகளை எழுதும் வேலை எனக்கு வரும். கார்டு மூலம் வீட்டு வாடகை கட்டினால் 1 சதவீதம் புதுக் கட்டணம் என்று ஓர் அறிவிப்பு போவதாக வைத்துக்கொள்வோம்.

முதல் சறுக்கல் நாள் கணக்கில். மார்ச் 20 அன்று அனுப்பிவிட்டு ஏப்ரல் 1 முதல் அமல் என்று போடுவார்கள். இடையில் இருப்பது 12 நாள்தான். ரிசர்வ் வங்கியின் கார்டு வழிகாட்டுதல்கள், கட்டணத்தை மாற்ற குறைந்தது ஒரு மாத முன்னறிவிப்பு கேட்கின்றன. சரி, ஏப்ரல் 20 என்று போடலாமா? கணக்குக்குச் சரிதான். ஆனால் எஸ்எம்எஸ் போய்ச் சேராதவர்களுக்கு அப்புறம் தபாலில் அனுப்புவோம், அது ஒரு வாரம் கழித்துக்கூடக் கையில் கிடைக்கும். நானாக இருந்தால் மே 1 என்று போடுவேன்.

தேதி போட்டாலும் சிக்கல் தீராது. ஏப்ரல் 29 அன்று ஒருவர் வாடகை கட்டுகிறார், அது கணக்கில் ஏறுவது மே 2. கட்டணம் உண்டா? மாற்றம் இனி நடப்பவற்றுக்கு மட்டும்தான் பொருந்த வேண்டும், பழையவற்றின் மேல் போடக் கூடாது. அதனால் "மே 1 முதல் செலுத்தப்படும் வாடகைக்கு, கணக்கில் ஏறும் நாள் பொருட்டல்ல" என்று எழுதிவிட வேண்டும். இந்த ஒரு வரி இல்லாததால்தான் முதல் பில் வந்ததும் போன் அடிக்க ஆரம்பிக்கும்.

அடுத்தது தொகை. 20,000 ரூபாய் வாடகைக்கு 1 சதவீதம் என்றால் 200 ரூபாய் என்றுதான் வாடிக்கையாளர் நினைப்பார். அந்த 200க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 36 ரூபாய் சேர்ந்து, பில்லில் 236 நிற்கும். "வரி தனி" என்று மூலையில் போடுவதைவிட இந்தக் கணக்கையே எழுதிக் காட்டலாம்.

காரணம் சொல்லும் இடத்தில் "நிர்வாகக் காரணங்களால்" என்று எழுதாதீர்கள், யாரும் நம்புவதில்லை. "ரிசர்வ் வங்கி விதிப்படி" என்று எழுதுவது அதைவிட மோசம். விதி கேட்பது முன்னறிவிப்பை. கட்டணத்தை ஏற்றியது நாம். வாடகை என்ற பெயரில் உறவினர் கணக்குக்குப் பணம் அனுப்பி ரொக்கமாக்கிக்கொள்வது பெருகியதுதான் காரணம் என்றால், அதைப் பச்சையாகச் சொல்லிவிடலாம். நேர்மையாக வாடகை கட்டுபவர் கொஞ்சம் முணுமுணுப்பார், அவ்வளவுதான்.

பெரும்பாலும் விடுபடுவது, மாற்றம் பிடிக்காதவர் என்ன செய்யலாம் என்பது. பாக்கியைக் கட்டிவிட்டால், கூடுதல் கட்டணம் எதுவும் இல்லாமல் கார்டை ஒப்படைக்கும் உரிமை அவருக்கு அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. கார்டை மூட எழுத வேண்டிய மின்னஞ்சல் முகவரியையும் அறிவிப்பிலேயே போடச் சொன்னால், மேலதிகாரி முகம் சுளிப்பார். போட்டுவிடுங்கள்.