ஆன்டிபயாடிக் தொடங்கிச் சில நாளில் தடிப்பும் முகவீக்கமும்: எங்கே கணக்கு தப்புகிறது?

"அஞ்சு நாளா ஒண்ணும் செய்யாத மாத்திரை, ஆறாம் நாளா அலர்ஜி ஆகும்?" தடிப்போடு வருகிறவர்கள் பாதிப்பேர் கேட்கும் கேள்வி இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஆன்டிபயாடிக் விஷயத்தில் ஆறாம் நாள், எட்டாம் நாள் என்பதுதான் தடிப்புக்கு வழக்கமான நேரம்.

மருந்து அலர்ஜி என்றதும் ஊசி போட்ட சில நிமிடத்தில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டி, மயங்கி விழுவதுதான் நம் நினைவுக்கு வரும். அது உடனடி வகை. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். தாமத வகை வேறு வழியில் வருகிறது. டி செல்கள் எனப்படும் வெள்ளணுக்கள் மருந்தை முதன்முறை பார்த்து, அடையாளம் கண்டு, பெருகி, தோலுக்கு வந்து சேர ஒரு வாரம் போல ஆகும். அதனால் அமாக்சிசிலின் போன்ற மருந்தை முதல் தடவை எடுப்பவருக்கு 5 முதல் 10 நாளுக்குள் தடிப்பு எழும். முன்பே அந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் ஓரிரு நாளிலேயே வந்துவிடும். கோர்ஸ் முடிந்து இரண்டு நாள் கழித்து வருவதும் உண்டு. "மாத்திரைதான் முடிஞ்சிடுச்சே, இது வேற ஏதோ" என்று தள்ளிவிடுவது இங்கேதான்.

ஒரே நாட்காட்டியைப் பார்ப்பது

இங்கே இரண்டு கணக்கு ஓடுகிறது: மாத்திரை தொடங்கி எத்தனை நாள், காய்ச்சல் தொடங்கி எத்தனை நாள். ஒன்றை மட்டும் எண்ணினால் தவறான ஆளின் மேல் பழி விழும்.

ஒரு வயதுக் குழந்தைக்கு நல்ல காய்ச்சல். இரண்டாம் நாள் ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கிறார்கள். நான்காம் நாள் காய்ச்சல் சட்டென்று விட்டுவிடுகிறது. அதே நாள் மார்பிலும் முதுகிலும் இளஞ்சிவப்புப் பொட்டுகள். மாத்திரைக் கணக்குப்படி மூன்றாம் நாள், ஆகவே அலர்ஜி என்று எழுதிவிடுவார்கள். காய்ச்சல் விட்ட பிறகு பொட்டு வருவது ரோசியோலா என்ற வைரஸ் நோயின் இயல்பு. மருந்தே கொடுக்காமல் இருந்தாலும் அன்றைக்கே வந்திருக்கும்.

தட்டம்மை இதற்கு நேர்மாறு. இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு எல்லாம் வந்து மூன்று நான்கு நாள் ஆன பின், காதுக்குப் பின்னாலும் முன்நெற்றி முடியோரத்திலும் தொடங்கி, முகம், மார்பு என்று கீழே இறங்கும். அந்த நேரத்தில் காய்ச்சலும் உச்சத்தில் இருக்கும். டெங்குவில் காய்ச்சல் விடுகிற சமயத்தில் தோல் முழுக்கச் சிவந்து, நடுநடுவே வெள்ளைத் தீவுகள் போல விட்டுப்போகும். உள்ளங்கையும் பாதமும் அரிக்கும். மருந்துத் தடிப்பு பெரும்பாலும் மார்பிலும் முதுகிலும் ஆரம்பித்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கை கால்களுக்குப் பரவும், நன்றாக அரிக்கும். அரிப்பை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் இரண்டு கணக்கோடும் சேர்த்துப் பார்த்தால் பாதி வழி தெரிந்துவிடும்.

நம் ஊரில் இன்னொன்றும் நடக்கும். காய்ச்சலோடு பொட்டு என்றால் அம்மை. வேப்பிலை வைத்து, மருந்தை நிறுத்தி, மருத்துவரிடம் போகாமல் இருப்பது. மருந்துத் தடிப்பாக இருந்தால் மருந்தை நிறுத்தியது தற்செயலாக நல்லதாக அமையும். யாரும் பார்க்காமல் விட்டதுதான் கேடு.

மருந்தா, கிருமியா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என நினைப்பது

இரண்டும் சேர்ந்தே வரலாம். பிளஸ் டூ படிக்கும் 17 வயதுப் பெண் ஒருத்தியை வைத்துக்கொள்வோம். தொண்டை வலி, காய்ச்சல், எழ முடியாத அசதி. மெடிக்கல் ஷாப்பில் அமாக்சிசிலின் 500 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை என்று வாங்கிப் போடுகிறார்கள். நான்காம் நாளும் காய்ச்சல் குறையவில்லை. எட்டாம் நாள் உடம்பு முழுக்கச் செம்புள்ளிகள், கண் இமைகள் உப்பியிருக்கின்றன. அத்தை அலர்ஜி என்கிறார், பாட்டி அம்மை என்கிறார்.

மருத்துவர் கழுத்தைத் தடவிப் பார்க்கிறார். தாடைக்குக் கீழ் மட்டுமின்றி, கழுத்தின் பின்பக்கமும் நெறி கட்டியிருக்கிறது. டான்சிலில் சாம்பல் நிறப் படலம். அப்புறம் ஒரு நல்ல கேள்வி: "மாத்திரை ஆரம்பிச்சப்போ எடுத்த போட்டோ ஏதாவது போன்ல இருக்கா?" இரண்டாம் நாள் எடுத்த செல்ஃபியிலேயே மேல் இமைகள் உப்பியிருக்கின்றன. வீக்கம் தடிப்புக்கு ஆறு நாள் முன்பே வந்துவிட்டது. ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்களில் லிம்போசைட் என்ற வகை பாதிக்கு மேல், அவற்றில் பல வழக்கத்துக்கு மாறான உருவத்தில், கல்லீரல் என்சைம் கொஞ்சம் கூடுதல், மருந்து அலர்ஜியில் ஏறக்கூடிய ஈசினோஃபில் என்ற வெள்ளணு சாதாரணம்.

இது எப்ஸ்டீன்-பார் வைரஸால் வரும் சுரப்பிக் காய்ச்சல். இமை வீக்கம் அந்த நோயின் வேலை. தடிப்பு, வைரஸும் அமாக்சிசிலினும் சேர்ந்து செய்த வேலை: ஏற்கெனவே முறுக்கிக்கொண்டு நிற்கும் எதிர்ப்பு சக்தி மருந்தைப் பார்த்ததும் சீறுகிறது. இந்தக் காய்ச்சலில் அமாக்சிசிலின் எடுத்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் தடிப்பு வரும் என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். பிற்கால ஆய்வுகள் மூன்றில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைத்துவிட்டன. மாத்திரையை நிறுத்தியாயிற்று, அதற்கு வேலையும் இல்லை. மண்ணீரல் வீங்கியிருக்கக்கூடும் என்பதால் சில வாரம் விளையாட்டு வேண்டாம். இவளுக்குப் பென்சிலின் குடும்பமே வாழ்நாள் முழுக்க ஆகாது என்று அன்றைக்கே முத்திரை குத்தவும் தேவையில்லை.

எல்லா முகவீக்கத்தையும் ஒன்றாகப் பார்ப்பது

வீக்கத்தில்தான் அவசரமும் நிதானமும் பிரிகின்றன.

உதடு, நாக்கு, இமை சில நிமிடம் முதல் சில மணி நேரத்துக்குள் பொங்கி, கூடவே குரல் கரகரத்தாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றினாலோ, வாந்தி எடுத்தாலோ 108-ஐக் கூப்பிட வேண்டிய நேரம் அது. அதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. செட்டிரிசின் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

காலையில் கண்ணைச் சுற்றி உப்பல், சாயங்காலம் வடிந்துவிடுகிறது, சிறுநீர் குறைந்து கட்டங்காப்பி நிறத்தில் போகிறது என்றால் தோலை விட்டுச் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப் புண் வந்து ஒன்று முதல் மூன்று வாரத்தில் குழந்தைகளுக்கு இப்படி வரும். இடையில் ஆன்டிபயாடிக் கொடுத்திருப்பதால் பழி அதன்மேல் போகும். ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்த அழுத்தமும் போதும், திசை தெரிந்துவிடும்.

மூன்றாவதுதான் மிக அதிகமாகத் தவறவிடப்படுவது. முகம் முழுக்க, காது மடல்கூட, சிவந்து தடித்து உப்பியிருக்கும். காய்ச்சல் 38.5 டிகிரிக்கு மேல் (பாரன்ஹீட்டில் 101 சொச்சம்), கழுத்திலும் அக்குளிலும் நெறி, உடம்பெங்கும் தடிப்பு. மருந்து தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரத்தில் வரும். ஆன்டிபயாடிக்கில் சில சமயம் இரண்டு வாரத்துக்கு முன்பே. மருத்துவர்கள் டிரெஸ் என்பார்கள். கோட்ரைமாக்சசோல், டாப்சோன், வான்கோமைசின், மினோசைக்ளின், காசநோய் மருந்துகள் இதில் அடிக்கடி அடிபடும் பெயர்கள்.

முன்பு சொன்ன பெண்ணையே நினைத்துக்கொள்ளுங்கள்: காய்ச்சல், நெறி, தடிப்பு, முகவீக்கம், கல்லீரல் என்சைம் ஏற்றம் எல்லாம் ஒன்றுதான். ஆனால் அவள் எடுத்தது கோட்ரைமாக்சசோலாக இருந்து, அது மூன்றாம் வாரமாக இருந்து, வீக்கம் காதுவரை பரவி, ரத்தத்தில் ஈசினோஃபிலும் ஏறியிருந்தால், கதை முற்றிலும் வேறு. மருந்தை நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் இழுக்கும், கல்லீரலைக் கெடுக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் வைத்து, ஸ்டீராய்டை மெல்ல மெல்லக் குறைத்துத்தான் சரி செய்வார்கள். அதனால்தான் "தடிப்புதானே" என்று தோலை மட்டும் பார்த்து அனுப்பாமல், ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் பார்ப்பது முக்கியம்.

தோல் தொட்டாலே வலிப்பது, கொப்புளம், தோல் உரிவது, வாயிலோ கண்ணிலோ பிறப்புறுப்பிலோ புண் வருவது, இவற்றில் எது இருந்தாலும் எந்தக் கணக்கும் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே பெரிய மருத்துவமனை.

ஊசி போட்டு மூடிவிட்டு மாத்திரையைத் தொடர்வது

அரிப்புக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி, "ஆன்டிபயாடிக் கோர்ஸை மட்டும் நிறுத்தக்கூடாது" என்ற அரைகுறை அறிவுரை. இரண்டும் சேர்ந்தால் தடிப்பு ஒரு நாள் அடங்கும், காரணம் உள்ளேயே இருக்கும். கோர்ஸை முடிக்கச் சொல்வது உடம்புக்கு ஒத்துக்கொள்கிறவர்களுக்கு. தடிப்பு வந்தால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருந்து எழுதியவரைக் கேட்க வேண்டும். வீக்கம் சேர்ந்திருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே போய்க் காட்ட வேண்டும். நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று நாள் தடிப்பு கூடத்தான் செய்யும். அதைப் பார்த்து "அப்போ மாத்திரை காரணமில்லை" என்று மறுபடி ஆரம்பிப்பவர்களும் இருக்கிறார்கள்.

போவதற்கு முன் வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரம் எழுதிப் படம் எடுங்கள். ஒரு நாளுக்குள் அது கோட்டுக்குள் மறைந்து வேறு இடத்தில் முளைத்திருந்தால் காணாக்கடி வகை. அங்கேயே நின்று மங்கினால் தாமத வகைத் தடிப்பாகவோ வைரஸ் பொட்டாகவோ இருக்கும். கண்ணாடி டம்ளரை அழுத்திப் பார்த்தும் நிறம் போகாத, ஊதா கலந்த புள்ளி என்றால் தோலுக்கடியில் ரத்தக் கசிவு. காய்ச்சலும் இருந்தால் அது அவசரம்.

சோதிக்காமலே ஆயுள் முத்திரை

குழந்தையில் "பென்சிலின் அலர்ஜி" என்று எழுதப்பட்டவர்களைப் பின்னர் முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த மருந்து ஒத்துக்கொள்கிறது. முத்திரை சும்மா கிடந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் விலை கூடிய, பக்கவிளைவு கூடிய மாற்று மருந்துக்குத் தள்ளிவிடும். அதற்காக வீட்டிலேயே அரை மாத்திரை போட்டுப் பார்ப்பது வேண்டாம். சாதாரணத் தடிப்பாக இருந்தவர்களுக்கு அலர்ஜி மருத்துவர் முன்னிலையில் வாய்வழி கொடுத்துப் பார்ப்பார்கள். டிரெஸ், கொப்புளம், வாய்ப்புண் வந்தவர்களுக்கு அந்தச் சோதனையே கிடையாது. அவர்கள் அந்த மருந்தை மறுபடி தொடவே கூடாது.

எந்த வகை என்று பிற்பாடு பிரித்துச் சொல்ல மருத்துவருக்குத் தகவல் வேண்டும். கோப்பில் "அலர்ஜி" என்று ஒற்றைச் சொல் இருந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. மாத்திரை அட்டையைத் தூக்கிப்போடாமல், பிராண்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர், முதல் மாத்திரை போட்ட தேதி, காய்ச்சல் தொடங்கிய தேதி, தடிப்பும் வீக்கமும் வந்த தேதிகள், கூடவே எடுத்த வலி மாத்திரை, நாட்டு மருந்து உட்பட எல்லாம், படங்களோடு ஒரே இடத்தில் வைத்திருங்கள்.