என்ஆர்ஐ கணக்குப் படிவம்: வரிக் குடியிருப்பு உறுதிமொழியில் நடக்கும் தவறுகள்

என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குப் படிவத்தில் கடைசிப் பக்கங்களில், நாடுகள் வரித் தகவலைப் பகிர்ந்துகொள்வதற்கான ஃபாட்கா–சிஆர்எஸ் உறுதிமொழி என்று ஒரு பகுதி இருக்கும். பிறந்த ஊர், குடியுரிமை, எந்த நாட்டில் வரிக் குடியிருப்பாளர், அதாவது எந்த நாட்டு வரிச் சட்டம் உங்களை அங்கே வசிப்பவராகக் கருதுகிறது, அந்த நாட்டின் வரி அடையாள எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். வெளிநாட்டு வரிக் குடியிருப்பாளர் என்று எழுதினால், கணக்கு விவரத்தை வங்கி நம் வருமான வரித் துறைக்குத் தரும், துறை அதை அந்த நாட்டு வரித் துறைக்கு அனுப்பும். ஆனால் பலரும் இந்தப் பகுதியைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள்.

முதல் தவறு, ஏஜெண்டோ கிளை ஊழியரோ முன்கூட்டியே போட்டு வைத்த டிக். 'இந்தியாவில் மட்டும் வரிக் குடியிருப்பாளர்' என்ற கட்டத்தில் டிக் இருக்கும், வரி எண் இருக்க வேண்டிய இடத்தில் பான் எண் இருக்கும். அதே படிவத்தின் முதல் பக்கத்திலோ சிங்கப்பூர் முகவரியும் சிங்கப்பூர் கைபேசி எண்ணும். இந்த முரண்பாட்டை வங்கி கவனிக்காமல் விடக்கூடாது என்பதே விதி. அதனால் விளக்கம் கேட்பார்கள், கணக்குத் தொடங்குவது இழுக்கும். 'ஊரில் வீட்டு வாடகை வருது, ரிட்டர்ன் போடுறேன், அப்போ இந்தியாதானே?' என்று கேட்பவர்கள் உண்டு. ரிட்டர்ன் போடுவது வேறு, வரிக் குடியிருப்பாளர் ஆவது வேறு. குடியிருப்பாளரா என்பதை முக்கியமாக இங்கே தங்கிய நாட்கள்தான் தீர்மானிக்கும்.

அதிகம் குழப்புவது வெளிநாடு போன முதல் வருடம். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் 2024 நவம்பர் 10ஆம் தேதி சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்புகிறார், 2025 ஜனவரியில் என்ஆர்இ கணக்குத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலைக்காக வெளிநாடு போய்விட்டதால் அந்நியச் செலாவணிச் சட்டப்படி அவர் என்ஆர்ஐ. கணக்குத் தொடங்கத் தடையில்லை. ஆனால் ஏப்ரல் 1 முதல் நவம்பர் 10 வரை எண்ணினால் 224 நாள் இந்தியாவில் இருந்திருக்கிறார். வரம்பு 182 நாள். எனவே 2024–25 நிதியாண்டுக்கு வரிச் சட்டப்படி அவர் இந்தியக் குடியிருப்பாளர். சிங்கப்பூரிலோ காலண்டர் ஆண்டுக் கணக்கு. ஆண்டில் 183 நாளாவது அங்கே இருந்தாலோ வேலை பார்த்தாலோ குடியிருப்பாளர். 2025 முழுக்க அங்கேதான் வேலை என்பதால் அந்த நாடும் சேரும். ஆக படிவத்தில் இரண்டு பதிவு வேண்டும்: இந்தியாவும் பான் எண்ணும் ஒன்று, சிங்கப்பூரும் அந்த நாட்டு எண்ணும் இன்னொன்று. இரட்டை வரி ஒப்பந்தப்படி எந்த நாடு முந்தும் என்பதை ஆடிட்டர் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை இரண்டையும் எழுதுவதே பாதுகாப்பு.

அப்புறம், அந்த 'அந்த நாட்டு எண்'. பாஸ்போர்ட் எண்ணை எழுதிவிடுவது வழக்கமான பிழை. சிங்கப்பூரில் வேலை அனுமதி பாஸில் இருப்பவருக்கு, வெளிநாட்டவருக்குத் தரும் அடையாள எண்ணான ஃபின் எண்தான் வரி எண். ஒன்பது இடம், முதலிலும் கடைசியிலும் ஆங்கில எழுத்து, நடுவில் ஏழு இலக்கம். பாஸ் கார்டில் வேறு எண்ணும் இருக்கலாம், அதை எழுதிவிட வேண்டாம். பிரிட்டனில் நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணோ வரித் துறை தரும் யுடிஆர் எண்ணோ போதும்.

துபாய்க்காரர்களிடம் கதை வேறு. 'இங்கே சம்பளத்துக்கு வரியே இல்லை, அப்போ இந்தியான்னு போட்டுடலாம்' என்று முடிவு செய்துவிடுகிறார்கள். வரி இல்லை என்பதற்காகக் குடியிருப்பு மாறாது. அங்கே விசாவும் வேலையும் வீடுமாக வருடம் முழுக்க இருந்தால் நாடு என்ற இடத்தில் அமீரகம்தான். சம்பளக்காரருக்கு அங்கே வரி எண் தருவதில்லை. எமிரேட்ஸ் ஐடியை வரி எண் என்று எழுதாமல், 'அந்த நாடு வரி எண் வழங்குவதில்லை' என்ற காரணக் கட்டத்தை டிக் செய்ய வேண்டும். ஒன்று மட்டும் கவனிக்கவும். இந்தியக் குடிமகன், எந்த நாட்டிலும் வரிக்கு உட்படாதவர், வெளிநாட்டு வருமானம் போக 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் என்றால், ஒரு நாள்கூட இங்கே தங்காவிட்டாலும் இந்தியக் குடியிருப்பாளராகக் கருதும் விதி இருக்கிறது. அந்த அளவு வருமானம் உள்ளவர்கள் ஆடிட்டரைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் நாள் கணக்கு பார்க்கத் தேவையே இல்லை. சென்னையிலேயே வசித்தாலும் அமெரிக்காவையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் எழுத வேண்டும். அங்கே பிறந்த குழந்தை பெயரில் தொடங்கும் மைனர் கணக்குக்கும் இது பொருந்தும். பெற்றோர் பலர் மறப்பது இதைத்தான்.

நிலைமை மாறினால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று உறுதிமொழியிலேயே பொதுவாக இருக்கும். அந்தக் கோயம்புத்தூர்க்காரர் 2025–26ல் லீவுக்கு மட்டும் ஊருக்கு வந்துபோனால் படிவத்தில் இந்தியா என்ற பதிவு நீங்கிவிடும், அப்போது புது உறுதிமொழி தர வேண்டும். பூர்த்தி செய்த பக்கத்தை ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டால், முன்பு என்ன எழுதினோம் என்று வங்கியைக் கேட்டு அலைய வேண்டியிருக்காது.