புளியரையிலிருந்து புனலூர் வரை: உலோக வரிசையை மனதில் வைக்கும்போது நேரும் தவறுகள்

செங்கோட்டைப் பக்கம் மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். உலோகங்களை அதிகம் வினைபுரிவதிலிருந்து குறைவாக வினைபுரிவது வரை அடுக்கும் வினைபடு வரிசை வந்தாலே எல்லோரும் முதலெழுத்துகளைக் கோத்து ஒரு வாக்கியம் கேட்பார்கள். நானும் பல வருடம் கொடுத்தேன். அது தவறு.

இந்தப் பக்கத்தில் அந்தத் தவறு சீக்கிரமே தெரிந்துவிடும். ஆரியங்காவிலிருந்து வரும் பிள்ளை மலையாள வழியில் படிக்கிறது. நம் பிள்ளை 'தாமிரம்' என்பதை அது 'கோப்பர்' என்கிறது. எழுத்து மாறியதும் வாக்கியம் உடைந்துவிடும். அதைவிட முக்கியம், எழுத்துக்கும் உலோகத்தின் குணத்துக்கும் தொடர்பே இல்லை.

குணத்தை வைத்தே கூறு போடலாம். பொட்டாசியம், சோடியம், கால்சியம் மூன்றும் பச்சைத் தண்ணீரோடு வினைபுரியும். மெக்னீசியத்துக்கு வெந்நீர் வேண்டும். அலுமினியம், துத்தநாகம், இரும்புக்கு நீராவி வேண்டும். காரீயம், தாமிரம், வெள்ளி, தங்கம் நீரோடு வினைபுரியாது. பதினொரு பெயர்கள் நான்கு கூறாகிவிட்டன.

இனி ஒவ்வொரு கூறுக்கும் தெரிந்த வழியில் ஓர் இடம், அங்கே மனதில் ஒரு படம். எங்கள் பிள்ளைகள் புனலூர் பஸ்ஸில் போன வழிதான். புளியரை செக்போஸ்ட்டில் ஒரு வாளிப் பச்சைத் தண்ணீர். பொட்டாசியம் விழுந்ததும் தீப்பிடிக்கிறது, சோடியம் உருகி உருண்டையாக ஓடுகிறது, கால்சியம் குமிழிவிட்டு மிதக்கிறது. ஆரியங்காவில் டீக்கடை வெந்நீரில் மெக்னீசியம். கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்தில் நீராவி எஞ்சின்: அலுமினியப் புகைபோக்கி, துத்தநாகக் கூரை, இரும்புச் சக்கரம் என்று மேலிருந்து கீழாக. புனலூர் தொங்குபாலத்தின் கீழே கல்லடையாற்றில் மற்ற நான்கும் சும்மா கிடக்கின்றன. கடைசியில் கிடப்பது தங்கம்.

இதை நானே சொல்லி எழுதிப்போட்டபோது பாதிப் பிள்ளைகளுக்கு நிற்கவில்லை. தென்மலைப் பக்கமே போகாத பிள்ளைக்கு அந்தப் பாலம் வெறும் சொல். அவர்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து கிணற்றடி வரை நான்கு இடம் எடுத்துக்கொள்ளட்டும், படத்தையும் அவர்களே உண்டாக்கட்டும். அதே வழியில் அதே வாரம் வேறொரு பட்டியலை வைக்காதீர்கள், இரண்டும் கலந்துவிடும்.

அப்புறம், இதையெல்லாம் செய்முறைச் சோதனைக்கு முன்பே கொடுப்பதுதான் நான் செய்த பெரிய தவறு. வரிசையைத் தடங்கலின்றி ஒப்பித்த பையனிடம், தாமிர சல்பேட் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் என்ன ஆகும் என்றேன். விழித்தான். இப்போது ஆணிதான் முதலில். ஆணியில் செம்பு படிந்து நீலம் வெளுப்பதைப் பார்த்து, மேலே உள்ளது கீழே உள்ளதைக் கரைசலிலிருந்து வெளியேற்றும் என்று புரிந்த பிறகுதான் பஸ் கிளம்பும்.

படிந்ததா என்று பார்க்க நடுவிலிருந்து கேளுங்கள்: வெள்ளி நைட்ரேட்டில் துத்தநாகம் போட்டால்? உதடு 'பொட்டாசியம், சோடியம்' என்று அசைந்தால் இன்னும் ஒப்பிக்கிறது. 'துத்தநாகம் பாலத்தில், வெள்ளி ஆற்றில், அதனால் வெள்ளி வெளியே வரும்' என்று சொன்னால் சரி.